கடல் நீரில் உப்பு விளைவது எப்படி? முதலில் வருவதும் கடைசியில் நிற்பதும்

2025ஆம் ஆண்டு மே மாதமளவில் எமது நாட்டின் கடைகளில் உப்பு கிடைப்பது அரிதாகி, கிடைத்த இடங்களிலும் விலை மிக உயர்ந்திருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பருவம் தப்பிப் பெய்த மழையினால் உப்பளங்களில் விளைச்சல் கெட்டது. இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. வட்டகொடை போன்ற மலைப் பகுதித் தோட்டங்களுக்கு உப்பு எப்போதும் வெளியிலிருந்தே வருவதால், அந்தத் தட்டுப்பாடு லயத்து அடுப்படிகளிலும் உணரப்பட்டது. சுற்றிவரக் கடல் இருக்கும் ஒரு நாட்டில் உப்புக்கு எப்படிப் பஞ்சம் வரும் என்ற கேள்வி எவருக்கும் எழக்கூடியதே.

கடல் நீரை வெயிலில் காய விட்டால் உப்பு வந்துவிடும் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். அது பாதி உண்மையே. கடல் நீரை முற்றாகக் காயவிட்டால் கிடைப்பது, நாம் சோற்றில் போட்டு உண்ணக்கூடிய உப்பு அல்ல. சுண்ணாம்பும் கசப்பும் கலந்த ஒரு வெள்ளைப் படிவு. நல்ல உப்பு வேண்டுமானால் முதலில் படிவதைப் பின்னால் விட்டுவிட வேண்டும். கடைசியில் நிற்பதை வெளியேற்ற வேண்டும். நடுவில் விளைவதை மாத்திரம் அள்ள வேண்டும். உப்பளத் தொழில் முழுவதும் இந்த ஒரு விடயத்தில்தான் தங்கியிருக்கிறது. அது எப்படி என்பதை இக்கட்டுரையில் படிப்படியாக நோக்குவோம்.

ஆனையிறவு

இதற்கு உதாரணமாக ஆனையிறவை எடுத்துக்கொள்வோம். 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்று கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்களுக்கு இது தெரிந்த இடம். யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் ஒடுங்கிய தரையில், ஆழமற்ற கடல்நீரேரியின் ஓரத்தில் அந்த உப்பளம் அமைந்துள்ளது. 1990ஆம் ஆண்டு யுத்தம் காரணமாக அங்கே உற்பத்தி நின்றுபோயிற்று. பல வருடங்கள் பாழாகக் கிடந்த பின் மீண்டும் உப்பு விளைவிக்கத் தொடங்கினார்கள். 2025 மார்ச் மாதத்தில் மேசை உப்பு தயாரிக்கும் தொழிற்சாலையும் அங்கே திறக்கப்பட்டது.

அந்த இடத்தை உப்புக்குத் தெரிவு செய்ததற்குக் காரணங்கள் உண்டு. நிலம் மட்டமானது, ஆகவே பெரிய பரப்பில் நீரை மெல்லியதாக நிறுத்தலாம். அடியில் களி இருப்பதால் நீர் நிலத்துக்குள் இலகுவில் இறங்கிவிடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அங்கே வெயிலும் சோளகக் காற்றும் இருக்கும். மழை மிகக் குறைவு. அந்தக் காலத்தில் கடல்நீரேரியின் நீரும் வற்றி, கடல் நீரைவிட உவர்ப்பு மிகுந்ததாகிவிடும்.

ஏன் ஆழமற்ற பாத்தி?

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது சுலபம். கொழுந்தைக் குவியலாகப் போட்டால் அது வாடாது, அவிந்துபோகும். மெல்லியதாகப் பரப்பிக் காற்றை விட்டால்தான் ஈரம் போகும். நீரும் அப்படியே. அது மேற்பரப்பிலிருந்துதான் ஆவியாகும். ஆழத்தில் கிடக்கும் நீர் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஐந்து பெரிய பீப்பாய்கள் கொள்ளும் கடல் நீர், அதாவது 1000 லீற்றர், நம்மிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை 100 லீற்றராக வற்றச் செய்தால்தான் உப்பு விளையத் தொடங்கும். நல்ல வெயில் நாளில் நீர்மட்டம் சுமார் 5 மில்லிமீற்றர் குறையும் என்று கொள்வோம். நீர் அடர்ந்து வர வர ஆவியாகும் வேகம் குறையும் என்றாலும், கணக்குக்கு இது போதும். இந்த நீரை 20 சதுர மீற்றர் பரப்பில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிறுத்தினால், 900 லீற்றர் வற்ற ஒன்பது நாட்கள் செல்லும். அதே நீரை ஒரு மீற்றர் ஆழமான தொட்டியில் வைத்தால் 180 நாட்கள் செல்லும். அதற்குள் மாரி மழை வந்துவிடும்! ஆகவே ஆழமற்ற பாத்தி என்பது வசதிக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. மழை வருமுன் வேலையை முடிப்பதற்கு அதைவிட வேறு வழியில்லை.

கடல் நீரில் என்ன இருக்கிறது?

நமது 1000 லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிலோ உப்புகள் கரைந்துள்ளன. 'உப்புகள்' என்று பன்மையில் சொல்வதைக் கவனியுங்கள். இதில் சுமார் 27 கிலோதான் நாம் உண்ணும் உப்பு. இதன் இரசாயனப் பெயர் சோடியம் குளோரைட்டு. மகனீசிய உப்புகள் 5 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். இவை கசப்பானவை. பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பு இந்த இனத்தைச் சேர்ந்ததே. இவை தவிர ஜிப்சம் எனப்படும் கல்சியம் சல்பேற்று ஒன்றேகால் கிலோ அளவிலும், பொற்றாசிய உப்பு ஒரு கிலோவுக்குக் குறைவாகவும், சுண்ணாம்புச் சத்தான கல்சியம் காபனேற்று 100 கிராம் அளவிலும் இருக்கும்.

முழு நீரையும் காயவிட்டால் இந்த 35 கிலோவும் ஒன்றாகவே படியும். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நமக்கு வேண்டாதது. அதைப் பிறகு பொறுக்கி எடுக்கவும் முடியாது. ஆனால் இயற்கையிலேயே நமக்கு ஒரு வசதி அமைந்திருக்கிறது: இவை எல்லாம் ஒரே நேரத்தில் நீரை விட்டுப் பிரிவதில்லை.

ஏன் வெவ்வேறு நேரத்தில் பிரிகின்றன?

ஒரு கோப்பை தேத்தண்ணீரில் ஒரு கரண்டி சீனி போட்டால் கரைந்துவிடும். போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் கரையாமல் அடியில் தங்கும். அந்த அளவு நீர் தாங்கக்கூடிய சீனி அவ்வளவுதான். இதை நிரம்பிய கரைசல் என்பார்கள். உப்பளத்தில் இதே காரியம் மறுபக்கமாக நடக்கிறது. அங்கே யாரும் மேலும் உப்பைப் போடுவதில்லை. நீர்தான் குறைந்துகொண்டு போகிறது. நீர் குறையக் குறைய, எந்த உப்பு தன் எல்லையை முதலில் எட்டுகிறதோ அது முதலில் வெளியே வரும்.

எது முதலில் எட்டும் என்பதை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, கடல் நீரில் அது எவ்வளவு இருக்கிறது என்பது. மற்றையது, நீர் அதை எவ்வளவு தாங்கும் என்பது. ஒரு லீற்றர் நல்ல நீர் ஜிப்சத்தில் 2 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். உவர் நீரில் அது மூன்று மடங்கு வரை உயரும். உண்ணும் உப்பில் 360 கிராம் வரை தாங்கும். மகனீசியம் குளோரைட்டு என்றால் 500 கிராமுக்கு மேலும் தாங்கும். ஜிப்சம் கடல் நீரில் கொஞ்சம்தான் இருக்கிறது; ஆனாலும் அதற்கு நீரில் உள்ள இடம் அதைவிடக் கொஞ்சம். ஆகவே அது முந்திக்கொள்கிறது. உண்ணும் உப்பு நிறைய இருந்தாலும் அதற்கு இடமும் நிறைய உண்டு. மகனீசிய உப்போ அளவில் குறைவு, அதற்கான இடமோ மிகப் பெரிது. ஆகவே அது கடைசிவரை நீரிலேயே நிற்கிறது.

1000 லீற்றரின் பயணம்

இனி நமது 1000 லீற்றரைப் பின்தொடர்ந்து செல்வோம். உப்பளத்தில் நீரின் அடர்த்தியை ஒரு நீர்மானியால் பார்ப்பார்கள். அது அடியில் பாரம் வைத்த ஒரு கண்ணாடிக் குழாய். நீர் அடர்த்தியாக ஆக, அது மேலே எழும்பி மிதக்கும். நல்ல நீரில் அதன் அளவு சுழியம். கடல் நீரில் மூன்று, மூன்றரை பாகை. இவ்வளவை போமே பாகை என்பார்கள்.

நீர் பாதியாக, அதாவது 500 லீற்றர் அளவாக வற்றும்போது பாகை ஏழு அளவில் நிற்கும். இதற்குள் கல்சியம் காபனேற்று படியத் தொடங்கியிருக்கும். தேத்தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதுவும் இதே பொருள்தான். இது முதலாவது பெரிய நீர்த்தேக்கத்திலேயே சேற்றோடு சேர்ந்து தங்கிவிடும். நீரோடு வந்த மண்ணும் பாசியும் அடங்குவதும் அங்கேதான்.

நீர் ஐந்தில் ஒன்றாக, 200 லீற்றர் அளவாகும்போது பாகை 13ஐத் தாண்டியிருக்கும். இப்போது ஜிப்சம் வருகிறது. இது இரண்டாம் வகைப் பாத்திகளின் தரையில் மெல்லிய ஊசிகளாகவும் கடினமான தோலாகவும் படியும். நாக்கில் வைத்தால் உவர்ப்பு இராது, மணல் போலிருக்கும். நீர் 25 பாகையை எட்டும்வரை அதை இந்தப் பாத்திகளிலேயே வைத்திருப்பார்கள். அதற்குள் ஜிப்சத்தின் பெரும் பகுதி பிரிந்துவிடும்.

ஏறக்குறைய 25½ பாகையில் நீர் 100 லீற்றருக்கு வந்துவிட்டது. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. உண்ணும் உப்பு இன்னும் ஒரு மணிகூடப் படியவில்லை. இந்தத் தெளிந்த நீரைத்தான் விளையும் பாத்திக்குத் திறந்து விடுவார்கள். நீர் பத்திலொன்றாகக் குறைந்துவிட்டதால், விளையும் பாத்திகளுக்கு மற்றப் பாத்திகளின் பரப்பில் பத்திலொரு பங்கு அளவே போதுமானது. ஓர் உப்பளத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது பெரும்பாலும் வெறும் நீராகவே தோன்றுவதற்கும், வெள்ளை வெளேரென்ற பாத்திகள் ஒரு மூலையில் மாத்திரம் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

விளையும் பாத்தியில் முதலில் நீரின் மேல் மெல்லிய ஆடை கட்டும். பிறகு அது பாரம் தாங்காமல் அடியில் இறங்கும். அடியில் கிடக்கும் சிறு மணிகளின் மேல் உப்பு மேலும் மேலும் ஒட்டி, சதுர முகங்கொண்ட கட்டிகளாக வளரும். வளரும் பளிங்கு தன் இனத்தையே சேர்த்துக்கொள்ளும். மகனீசியத்துக்கு அந்த அடுக்கில் இடமில்லை. ஆகவே உப்பு மணி தூய்மையாக வளர, அதைச் சுற்றியுள்ள நீரில் கசப்பு ஏறிக்கொண்டு போகிறது.

நீர் 30 லீற்றர் அளவுக்கு வந்து 29, 30 பாகையைத் தொடும்போது நிறுத்திவிட வேண்டும். இதற்குள் 27 கிலோவில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 21 கிலோ அளவு உப்பு படிந்திருக்கும். மிச்சமுள்ள நீரில் இன்னும் ஐந்து, ஆறு கிலோ நல்ல உப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை விரும்பிக் காத்திருந்தால் மகனீசியம் சல்பேற்றும் சேர்ந்து படியத் தொடங்கும். கடைசி ஐந்து கிலோவுக்கு ஆசைப்பட்டு முதல் இருபத்தொரு கிலோவையும் கசப்பாக்கிக்கொள்வதில் இலாபமில்லை. எனவே இந்தக் கசப்பு நீரைத் திறந்து வெளியேற்றிவிட்டே உப்பை வாருவார்கள்.

எங்கே பிழைக்கிறது?

முதலாவது பிழை, அவசரம். 25 பாகைக்கு முன்னரே நீரை விளையும் பாத்திக்கு விட்டால் ஜிப்சம் உப்போடு சேர்ந்து படியும். அந்த உப்பைக் கரைத்தால் அடியில் வெண்மண்டி தங்கும். நீர்மானி இல்லாத இடங்களில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. புது முட்டை 12 பாகை அளவிலேயே மிதந்துவிடும். ஜிப்சம்கூட இன்னும் படியத் தொடங்காத நிலை அது. ஆகவே முட்டை மிதப்பது, நீர் கடல் நீரைவிட நன்றாக அடர்ந்துவிட்டது என்று காட்டுமே தவிர, உப்பு விளையும் பதம் என்று காட்டாது.

இரண்டாவது பிழை, தாமதம். கசப்பு நீரை உரிய நேரத்தில் வெளியேற்றாவிட்டால் உப்பு ஈரமாகவே இருக்கும், உலராது. காரணம் மகனீசியம் குளோரைட்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும் தன்மையுடையது. உரிய நேரத்தில் நிறுத்தினாலும், வாரிய உப்பு மணிகளின் மேல் சிறிது கசப்பு நீர் ஒட்டியே இருக்கும். இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. ஒன்று, உப்பை நிரம்பிய உப்பு நீரிலேயே கழுவுவது. அந்த நீரில் ஏற்கெனவே உப்பு நிறைந்திருப்பதால் அது நல்ல உப்பைக் கரைக்காது. மகனீசியத்துக்கோ அதில் இடமுண்டு. மற்றையது, உப்பைக் குவியலாகக் கட்டி ஆறு மாதமளவில் விட்டுவைப்பது. மகனீசிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, கரைந்து, குவியலின் அடியால் தானாகவே வடிந்துவிடும். எந்தக் குணம் உப்பைக் கெடுக்கிறதோ அந்தக் குணமே அதைச் சுத்தமாக்கவும் உதவுகிறது.

மூன்றாவது மழை. இது மனிதர் கையில் இல்லை. விளையும் பாத்தியில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஒரு சதுர மீற்றருக்கு 25 லீற்றர் நல்ல நீர் விழுகிறது. ஒரு லீற்றர் 360 கிராம் உப்பைக் கரைக்கும் என்றால், ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 9 கிலோ உப்பு வரை கரைந்துவிடலாம். மழை நீர் இலேசானது. அடர்ந்த உப்பு நீரின் மேல் சிறிது நேரம் மிதந்து நிற்கும். காற்று கலக்குமுன் மேல் நீரை வழிய விட்டால் ஓரளவு தப்பலாம். கலந்துவிட்டால், அந்த நீரை மீண்டும் வற்ற வைக்க ஒரு வாரமளவாவது வெயில் வேண்டும். வாரந்தோறும் ஒரு மழை வந்தால் விளைச்சலே இல்லை. கடல் எங்கும் போய்விடாத போதும் 2025இல் உப்பு இல்லாமற் போனதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். குறைந்துபோனது கடல் நீர் அல்ல, மழையில்லாத நாட்கள்தான்.

வயலும் ஒரு பாத்திதான்

கடல்நீரேரிக்குப் பக்கத்தில் காணி உள்ளவர்களும், பல வருடங்களின் பின் அத்தகைய காணிகளுக்குத் திரும்பிச் செல்பவர்களும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உவர் நீர் ஏறிய வயலில் கோடைகாலத்தில் வெள்ளை பூப்பதைக் கண்டிருப்பீர்கள். நிலத்துக்குள் இருக்கும் உவர் நீர் மேலே ஏறி, ஆவியாகி, உப்பை மேல் மண்ணில் விட்டுச் செல்வதால் வருவது அது. உப்பளத்தில் நடப்பதே இங்கும் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: உப்பளத்தில் கசப்பு நீரை வெளியேற்ற ஒரு வாய்க்கால் உண்டு, வடிகால் இல்லாத வயலில் அது இல்லை. ஆகவே எல்லா உப்புகளும் அங்கேயே தங்கி, வருடா வருடம் கூடிக்கொண்டு போகும்.

இதற்கு மருந்து, முதலில் வடிகாலை வெட்டி, வரம்பைக் கட்டி, மாரி மழை நீரை வயலில் நிறுத்திப் பின் வடிய விடுவது. வடிகால் வெட்டாமல் நீரை மட்டும் நிறுத்தினால், உப்பு கீழே இறங்கிக் கோடையில் மறுபடியும் மேலே வந்துவிடும். சோடியம் ஏறி, ஈரத்தில் சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் இறுகிப்போகும் களி நிலத்துக்கு ஜிப்சம் இடுவதும் பயன் தரும். ஜிப்சத்திலுள்ள கல்சியம் மண்ணைப் பற்றியிருக்கும் சோடியத்தை விலக்கும். விலகிய சோடியத்தை நீர் கொண்டுபோகும். இதற்கும் வடிகால் அவசியம். எவ்வளவு இடுவது என்பதை மண் பரிசோதனைக்குப் பின் கமநல சேவை நிலையத்தில் கேட்டறிந்து செய்வது நல்லது. உப்பளக்காரர் வேண்டாமென்று இரண்டாம் பாத்தியில் விட்டுச்செல்லும் அதே பொருள், உவர் பிடித்த வயலுக்கு மருந்தாகிறது!

வாங்கும் உப்பைப் பார்த்தறிதல்

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சிறு சோதனையையும் சொல்லி முடிப்போம். கட்டி உப்பு வாங்கும்போது ஒரு கரண்டி உப்பை ஒரு கிளாஸ் தெளிந்த நீரில் கரைத்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளை மண்டி தங்கினால் ஜிப்சமோ மண்ணோ கலந்துள்ளது. அடுத்து, ஒரு மணியை நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்ப்பு போன பின் கசப்பு நின்றால் கசப்பு நீர் சரியாக வடியவில்லை என்று பொருள்.

உப்பு ஈரமாவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய உப்பும் ஈரமாகும்; வட்டகொடையின் மழைக் காலத்தில் அது சாதாரணம். மகனீசியம் குளோரைட்டோ 33 சதவீதம் அளவிலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். எனவே நல்ல வெயில் அடிக்கும் பங்குனி மாதத்திலும் உப்புச் சாடியில் நீர் கோத்திருந்தால், அது மலைக் குளிரின் குற்றமல்ல. உப்பளத்தில் வெளியேற்றத் தவறிய கசப்பு நீரே அதற்குக் காரணம். அத்தகைய உப்பை ஒரு சீலைப் பையிலோ ஓலைக் கூடையிலோ இட்டு, கீழே ஒரு பாத்திரம் வைத்துத் தொங்கவிட்டால், சில வாரங்களில் கசப்பு நீர் பெரும்பாலும் வடிந்துவிடும். பாத்திரத்தில் சேரும் நீரைப் பயிருக்கு ஊற்ற வேண்டாம்.